மகளுக்குப் பொதுத்தேர்வு, எனக்கு நைட் ஷிஃப்ட்: பகலுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

வாசகியின் கடிதம்

எனக்கு 38 வயது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மின்னணு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஏழு வருடமாக நிரந்தரத் தொழிலாளி. கடந்த இரண்டு வருடமாக நானே கேட்டு நைட் ஷிஃப்ட் மட்டும் பார்க்கிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை, திங்கள் முதல் சனி வரை. ஒரு இரவுக்கு 150 ரூபாய் அலவன்ஸ். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். மகள் பத்தாம் வகுப்பு. இதுவரை மாமியார் கூட இருந்தார். நாத்தனார் பிரசவத்துக்காக அவர் ஊருக்குப் போகிறார், சரியாகப் பொதுத்தேர்வு நேரத்தில். ராத்திரி தனியாகப் படுக்கப் பிள்ளை பயப்படுகிறாள்.

தேர்வு முடியும்வரை பகல் ஷிஃப்ட் கேட்டேன். "நீங்களே கேட்டு வாங்கின நைட், கையெழுத்தும் போட்டிருக்கீங்க, இனிமே மாத்த முடியாது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி, "என் கார்டை நீ பஞ்ச் பண்ணு, உன் கார்டை நான் பண்றேன், யாருக்கும் தெரியாது" என்கிறாள். இன்னொருவர், "பிள்ளைக்குப் பரீட்சை என்றால் தாய்க்குச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ் விடு" என்கிறார். எதைச் செய்வது?

வழக்கறிஞரின் பதில்

சகோதரி, கார்டு மாற்றிப் பஞ்ச் செய்யும் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மற்றபடி உங்கள் சூப்பர்வைசர் சொன்னதும் முழுச் சரியில்லை, நோட்டீஸ் விடச் சொன்னவர் சொன்னதும் சரியில்லை.

இரண்டாமவர் சொன்ன "தாயின் உரிமை" எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மத்திய அரசுப் பணியிலுள்ள பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் வரை எடுக்கலாம். எதற்கெல்லாம் எடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில், குழந்தையின் உடல்நலக் குறைவோடு தேர்வையும் அந்த விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இதை யாரோ செய்தியில் பார்த்து எல்லாத் தாய்மாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். தனியார் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அது பொருந்தாது. பிள்ளையின் தேர்வுக்காக ஷிஃப்ட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று உங்கள் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டப் பிரிவு எதுவும் கிடையாது. நோட்டீஸ் விட்டு, அவர்கள் பதில் போட்டு, அது தொழிலாளர் துறைக்குப் போய் ஒரு தேதி கிடைப்பதற்குள் உங்கள் மகள் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருப்பாள்.

ஆனால் உங்களிடம் வேறொரு பிடி இருக்கிறது. அந்தக் கையெழுத்துதான் அது.

கையெழுத்துப் போட்டது யாருக்குச் சாதகம்?

பெண்களைத் தொழிற்சாலையில் இரவில் வேலைக்கு வைப்பதற்குப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு தடை போட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்துச் சில பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அவற்றில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 43-ஆம் பிரிவு இப்போது இதைப் பேசுகிறது. மாலை 7 மணிக்குப் பிறகோ காலை 6 மணிக்கு முன்போ ஒரு பெண்ணை வேலைக்கு வைக்கலாம், ஆனால் அவருடைய ஒப்புதலோடுதான் வைக்க வேண்டும்.

நீங்கள் போட்ட கையெழுத்து அந்த ஒப்புதல்தான். அது இல்லாமல் உங்களை இரவில் வேலைக்கு வைக்க முடியாது என்பதால் நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்ட தாள் அது. சூப்பர்வைசர் அதை நீங்கள் எழுதிக் கொடுத்த அடிமைச் சாசனம் போலப் பேசுகிறார். ஒருமுறை கொடுத்த ஒப்புதல் ஓய்வுபெறும்வரை செல்லும் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. எப்படித் திரும்பப் பெறுவது என்ற நடைமுறையையும் அது விரித்துச் சொல்லவில்லை. என் கருத்தில், ஒப்புதல் தேவை என்றால் அந்த வேலை நடக்கும் காலம் முழுக்கத் தேவை. எழுத்துமூலம் நிறுத்தி வைத்தால் நிர்வாகம் அதை மதித்தே ஆக வேண்டும். இதே கடிதத்தை ஒரு அப்பா எழுதியிருந்தால் இந்தப் பிடி அவருக்குக் கிடைத்திருக்காது. வேண்டுகோள் ஒன்றோடு அவர் நின்றிருக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் நாளைக்கே "என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? வேண்டாம். அந்த ஒற்றை வரி எழுதினால் உங்கள் இரவுப் பணி நிரந்தரமாக முடிந்தது என்று நிர்வாகம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் வேறொருவரைப் போட்டுவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் நீங்கள் திரும்பி வந்து நைட் கேட்டால் இடம் இருக்காது, மாத அலவன்ஸும் போய்விடும். நீங்களே விரும்பி வாங்கிய ஷிஃப்ட் அது. அதை இழக்காமல் மூன்று வாரம் மட்டும் விலகி நிற்பதுதான் உங்களுக்கு வேண்டியது. எனவே முதலில் வேண்டுகோள் கடிதம். அது மறுக்கப்பட்டால் மட்டுமே ஒப்புதலைத் தேதி குறிப்பிட்டு நிறுத்தி வைக்கும் கடிதம்.

எந்தப் பகல் ஷிஃப்ட்?

உங்கள் கடிதத்தில் "பகல் ஷிஃப்ட்" என்று மட்டும் இருக்கிறது. ஹெச்.ஆர். முதலில் கேட்கப்போவது "எது?" என்றுதான். நீங்களும் அதை யோசித்தே ஆக வேண்டும்.

முதல் ஷிஃப்ட் காலை 6 முதல் மதியம் 2 வரை என்றால், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நீங்கள் ஐந்து மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்கள் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. அதாவது பிள்ளை எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஹால் டிக்கெட் எடுத்து வைத்துக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் லைனில் நின்றுகொண்டிருப்பீர்கள். இரண்டாவது ஷிஃப்ட்டில் காலை உங்களுடையது, ஆனால் வீடு வந்து சேரப் பதினோரு மணி ஆகும். இப்போது பார்க்கும் நைட்டில், சொல்லப்போனால், தேர்வு நாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் வீட்டில்தான் இருப்பீர்கள். தூக்கக் கலக்கத்தோடு, ஆனால் இருப்பீர்கள்.

உங்கள் மகளுக்குப் பயம் ராத்திரியைப் பற்றியது. அப்படியானால் முதல் ஷிஃப்ட்தான் பொருத்தம். இரவு ஒன்பதரைக்கு இருவரும் படுத்துவிடலாம், நாலு மணிக்கு நீங்கள் எழும்போதே அவளையும் எழுப்பிவிடலாம். அதிகாலையில் படிக்கும் பிள்ளை என்றால் அதுவும் வசதி. ஐந்து முதல் ஒன்பது வரை அவள் தனியாக இருப்பாள், ஆனால் தெரு விழித்திருக்கும் நேரம் அது. உங்கள் பிரிவில் 9 மணிக்குத் தொடங்கும் ஜெனரல் ஷிஃப்ட் இருந்து, பேக்கிங்கிலோ ஸ்டோரிலோ மூன்று வாரம் இடம் தருவார்கள் என்றால் அது இதைவிட நல்லது. கடிதத்தில் முதல் ஷிஃப்ட்டைக் கேட்டுவிட்டு, "ஜெனரல் ஷிஃப்ட்டில் மாற்று வேலை தந்தாலும் சம்மதம்" என்று ஒரு வரி சேருங்கள். ஒரே வாசலைத் தட்டுவதைவிட நிர்வாகத்துக்கு இரண்டு வழி காட்டுவது எப்போதும் வேலை செய்கிறது.

காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்

"தேர்வு முடியும்வரை" என்று கேட்டால் நிர்வாகம் தயங்கும். தேதி போட்டுக் கேட்டால் பேச ஏதாவது இருக்கும். ஏற்கெனவே முடிந்த 2025 அட்டவணையை வைத்துச் செய்து காட்டுகிறேன். உங்கள் மகளின் அட்டவணையை இதே மாதிரி நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு தமிழ் மார்ச் 28 வெள்ளி, ஆங்கிலம் ஏப்ரல் 2 புதன், கணிதம் ஏப்ரல் 7 திங்கள், அறிவியல் ஏப்ரல் 11 வெள்ளி, சமூக அறிவியல் ஏப்ரல் 15 செவ்வாய். உங்களுக்கு ஞாயிறு காலை 6 மணிக்கு ஒரு வார நைட் முடிகிறது, அடுத்தது திங்கள் இரவு 10 மணிக்குத்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிதத்துக்கு முந்தின இரவு ஞாயிறு, எப்படியும் உங்களுக்கு ஓய்வு. சமூக அறிவியலுக்கு முந்தின இரவு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. உங்கள் ஆலையின் பண்டிகை விடுமுறைப் பட்டியலில் அது இருந்தால் அதுவும் ஓய்வு. தேர்வுக்கு முந்தின இரவுகளில் நீங்கள் வேலையில் சிக்கிக்கொள்வது மூன்றுதான். மார்ச் 27, ஏப்ரல் 1, ஏப்ரல் 10.

முழு மாற்றம் கேட்பதானால் மார்ச் 24 திங்கள் காலை முதல் ஏப்ரல் 12 சனி மதியம் வரை, சரியாக மூன்று வாரம், 18 ஷிஃப்ட். புத்தாண்டு விடுமுறை கழிந்து ஏப்ரல் 15 இரவு 10 மணிக்கு நைட்டுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளை அன்று மதியமே கடைசித் தாளை முடித்திருப்பாள். செலவு 18 இரவின் அலவன்ஸ், 2,700 ரூபாய். மூன்று வாரமா, மூன்று இரவா என்பது இனி உங்கள் வீட்டுப் பேச்சு. மாமியார் இல்லாத ராத்திரிகளைப் பற்றித்தான் கவலை என்றால் மூன்று வாரம் வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் நீங்கள் கூட இருந்து, மற்ற நாளில் பக்கத்து வீட்டில் படுக்கவைக்க முடியும் என்றால் மூன்று இரவு விடுப்பிலேயே வேலை முடிந்தது.

தொடக்கத்தை ஏன் தமிழ்த் தாளுக்கு நாலு நாள் முன்னால் வைத்தேன் என்று கேட்கலாம். இரண்டு வருடம் பகலில் தூங்கிய உடம்பு ஒரே நாளில் மாறாது. முதல் மூன்று நாலு நாள் இரவில் தூக்கம் வராது, காலை பத்து மணிக்கு லைனில் கண் சொக்கும். மெஷின் பக்கத்தில் அது ஆபத்து. வார ஓய்வை ஒட்டியே மாறுங்கள், நடு வாரத்தில் மாறாதீர்கள். நைட்டிலிருந்து பகலுக்கோ பகலிலிருந்து நைட்டுக்கோ ஒரு பெண் மாறும்போது நடுவில் குறைந்தது 12 மணி நேர இடைவெளி வேண்டும் என்பது நான் மேலே சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நிபந்தனைகளில் ஒன்று. ஞாயிறு காலை 6 மணிக்கு முடித்து திங்கள் காலை 6 மணிக்கு ஏறினால் உங்களுக்கு 24 மணி நேரம் கிடைக்கிறது.

இன்னொன்று. தேர்வு நாட்களில் கணவரின் டிரிப் எப்படி என்று ஒன்றுமே எழுதவில்லை நீங்கள். அந்த மூன்று இரவில் ஒன்றிரண்டுக்காவது அவர் லோடு மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டீர்களா? பிள்ளையின் தேர்வு என்றதும் ஷிஃப்ட் மாற்ற வேண்டியவர் அம்மா மட்டும்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டதை நான் கேட்டதாகவே கணக்கில் வைக்க மாட்டேன். எந்தத் தொழிலாளி எந்த ஷிஃப்ட் என்பது தொழிற்சாலையில் அறிவிப்பாக ஒட்டப்பட்டு, பதிவேட்டிலும் ஏற வேண்டிய விஷயம். அதில் இல்லாத நேரத்தில் ஒருவரை வேலை செய்ய விடக் கூடாது. ஆகவே சூப்பர்வைசர் நினைத்தாலும் தானாக மாற்றித் தர முடியாது. அவர் "முடியாது" என்றதில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம். கடிதம் தொழிற்சாலை மேலாளர் பெயருக்கு, ஹெச்.ஆர். வழியாகப் போக வேண்டும். நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அதையே ஹெச்.ஆரின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், அதில் தேதி தானாகப் பதிவாகிவிடும்.

கடிதம் இவ்வளவு போதும். ஏ என்பது முதல் ஷிஃப்ட், சி என்பது நைட்:

"நான் … பிரிவில், பணியாளர் எண் …, சி ஷிஃப்ட்டில் பணிபுரிகிறேன். என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். தேர்வுக் காலத்தில் இரவில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. எனவே … தேதி திங்கள் முதல் … தேதி சனி வரை மட்டும் எனக்கு ஏ ஷிஃப்ட் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜெனரல் ஷிஃப்ட்டில் மாற்று வேலை தந்தாலும் சம்மதம். இந்த நாட்களுக்கு இரவு அலவன்ஸ் கிடைக்காது என்பதை அறிவேன். … தேதி இரவு முதல் மீண்டும் சி ஷிஃப்ட்டுக்குத் திரும்புவேன். இரவுப் பணிக்கான என் ஒப்புதல் அன்று முதல் வழக்கம்போல் தொடரும். ஏ ஷிஃப்ட்டில் பணிபுரியும் …, பணியாளர் எண் …, இந்தக் காலத்தில் என் இடத்தில் சி ஷிஃப்ட் பார்க்கச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார். தேர்வு அட்டவணை இணைப்பு."

உங்களுக்குப் பதில் வரும் ஆளைச் சொல்லும் வரிதான் கடிதத்தின் உயிர். நிர்வாகத்துக்கு உங்கள் மகளின் தேர்வு பிரச்சினையில்லை. லைனில் ஒரு ஆள் குறைவதுதான் பிரச்சினை. அந்த ஆளை நீங்களே கொண்டுபோய் நிறுத்தினால் மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். கார்டு மாற்றிப் பஞ்ச் செய்யலாம் என்று சொன்ன அதே தோழியிடம் கேளுங்கள். கள்ளத்தனமாகச் செய்ய முன்வந்தவர் முறையாகச் செய்யவும் முன்வருவார், அலவன்ஸும் அவருக்கே கிடைக்கும். அவர் உங்கள் ஸ்டேஷனில் வேலை செய்யப் பயிற்சி முடித்தவரா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் பட்டியலில் பெயர் இல்லாதவரை அந்த வேலையில் நிறுத்த மாட்டார்கள். அவரும் பெண் என்பதால் நைட்டுக்கு அவருடைய எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும்.

ஆலையில் சங்கம் இருந்தால் கடிதம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சங்கமும் நிர்வாகமும் கடைசியாகப் போட்ட 12(3) ஒப்பந்தத்தில் ஷிஃப்ட் பரிமாற்றம் பற்றி ஏதாவது ஷரத்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவருக்கொருவர் சம்மதித்து மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தால், நீங்கள் சலுகை கேட்கவில்லை, ஒப்பந்தத்தைக் காட்டுகிறீர்கள்.

மறுத்துவிட்டால்

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். பாதி உறுப்பினர் நிர்வாகத் தரப்பு, பாதி தொழிலாளர் தரப்பு, பெண்களும் இருக்க வேண்டும். விசாரித்து முடிக்கத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதற்கு 30 நாள் தருகிறது. இந்த 30 நாளைக் கணக்கில் வைத்துத்தான் முதல் கடிதத்தின் தேதியை முடிவு செய்ய வேண்டும். அட்டவணை பல மாதம் முன்பே வந்துவிடுகிறது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கடிதம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் குழுவுக்கு எழுதுங்கள்.

குழுவும் கைவிட்டால்தான் இரண்டாவது கடிதம். "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை மட்டும், மாலை 7 முதல் காலை 6 வரையிலான பணிக்கு என் ஒப்புதலை நிறுத்தி வைக்கிறேன். அந்த நாட்களில் பகல் ஷிஃப்ட்டில் பணிபுரியத் தயாராக இருக்கிறேன்." இரண்டாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் வேலை செய்ய மறுத்ததாகத் திருப்பிவிடுவார்கள். இந்தக் கடிதம் கொடுத்தபின் நிர்வாகம் முகம் சுளிக்கும், பகலில் இடமே இல்லை என்று சொல்லி அந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கப் பார்க்கும், உங்களை நிரந்தரமாகப் பகலுக்குத் தள்ளவும் கூடும். அதற்கெல்லாம் பதில் சொல்ல வாதம் இருக்கிறது. ஆனால் அது தேர்வு முடிந்து வெகுநாள் கழித்துப் பேசும் வாதம். அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள். ஏனென்றால் பக்கத்திலேயே இதைவிட அமைதியான வழி ஒன்று இருக்கிறது.

அது உங்கள் ஈட்டிய விடுப்பு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் கணக்கு. போன வருடம் 260 இரவு வேலை பார்த்திருந்தால் 13 நாள் உங்கள் கணக்கில் இருக்கும். பழைய சட்டத்தில் 15 நாள் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும், வருடத்துக்கு மூன்று தவணைக்கு மேல் கூடாது என்று இருந்தது. உங்கள் ஆலை விதியும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். மேலே போட்ட கணக்கில் தனித்தனியாகத் தேவைப்பட்டதும் மூன்று இரவுதான், மூன்று தவணைக்குள் அடங்கிவிடும். ஆனால் வருடத்தின் மூன்று தவணையும் அதோடு தீர்ந்துவிடும், தீபாவளிக்கு ஊருக்குப் போக இருக்காது. அதனால் ஒன்றிரண்டு இரவைத் தற்செயல் விடுப்பில் போட முடியுமா பாருங்கள். மாத வருகை ஊக்கத்தொகை உங்கள் ஆலையில் இருந்தால் அதையும் விசாரியுங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே அந்த மாத ஊக்கத்தொகை முழுதும் போகும் இடங்கள் உண்டு. மார்ச்சில் ஒன்று, ஏப்ரலில் இரண்டு என்று விடுப்பு பிரிந்தால் இரண்டு மாதமும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஷிஃப்ட் மாற்றம் விடுப்பைவிட மலிவு.

விடுப்பு கேட்டுக் கிடைக்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். விடுப்பின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வராமல் இருப்பது மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனமாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. பத்து நாள் ஆகவில்லை என்றாலும் அடிக்கடி நடந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் வரும்.

கார்டு மாற்றிப் பஞ்ச் செய்வது ஏன் கூடாது

"யாருக்கும் தெரியாது" என்பது கேட்டில் கேமராவும் கைரேகையும் வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு. தெரிந்துவிட்டால் அது ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட குற்றமாகப் பார்க்கப்படாது. வருகைப் பதிவில் பொய், நிர்வாகத்தை ஏமாற்றியது என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். இதில் உள்விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்கினால், ஏழு வருட சர்வீஸைக் காட்டி வாதாடுவது எங்களுக்கே கஷ்டம். மனிதாபிமானக் காரணம் இருந்தது என்று சொல்லலாம், ஆனால் பொய்ப் பதிவு இல்லை என்று சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய கவலை விபத்து. உங்கள் பெயரில் அவர் நைட்டில் நிற்கிறார், கையில் அடிபடுகிறது. இ.எஸ்.ஐ.க்குப் போகும் விபத்து அறிக்கையில் அடிபட்டவர் பெயர் ஒன்று, அந்த நேரத்தில் வேலையில் இருந்ததாகப் பதிவேடு காட்டும் பெயர் இன்னொன்று. வேலைநேரத்துக் காயம் என்று நிரூபித்து ஊனப் பலன் வாங்க வேண்டிய பெண்ணுக்கு அவருடைய வருகைப் பதிவே எதிர்சாட்சியாக நிற்கும். உங்கள் மகளின் தேர்வுக்காக அவர் தலையில் அதை ஏற்றக் கூடாது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள்

மாற்றம் கிடைத்துவிட்டால் உத்தரவை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி, அதில் இரண்டு தேதிகளும் இருக்க வேண்டும். தொடங்கும் தேதி மட்டும் போட்டு, முடியும் தேதி இல்லாமல் வந்தால் அன்றைக்கே திருத்தக் கேளுங்கள். போக்குவரத்துப் பிரிவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஷிஃப்ட் மாறியது ஹெச்.ஆருக்குத் தெரியும், பஸ் டிரைவருக்குத் தெரியாது. திங்கள் காலை ஐந்து மணிக்கு ஸ்டாப்பில் நின்று, பட்டியலில் பெயர் இல்லாமல் பஸ் போய்விட்டால் முதல் நாளே லேட்.

இதைப் படிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடிதம் ஒப்பந்ததாரர் பெயருக்குப் போக வேண்டும், நகல் ஆலையின் ஹெச்.ஆருக்கு. பெண்ணின் ஒப்புதல் பற்றிய விதி உங்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒப்பந்ததாரர் வாய்ப் பேச்சிலேயே "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் இரண்டாவது கடிதத்துக்குப் போகாமல், மாற்று ஆளைக் காட்டிக் கேட்பதோடும் விடுப்போடும் நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்பேன்.

சகோதரி, அந்த இரண்டு மாதத்துச் சம்பளச் சீட்டு வந்ததும் இரவு அலவன்ஸ் கணக்கை எண்ணிப் பாருங்கள். நைட்டுக்குத் திரும்பிய தேதியிலிருந்து அது மறுபடி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பதிவேட்டில் உங்களை இன்னும் ஏ ஷிஃப்ட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஏப்ரல் சீட்டு கைக்கு வந்த அன்றே, உத்தரவின் நகலோடு ஹெச்.ஆரிடம் போய் அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.